30 வீதமா, 20 வீதமா: யாழ்ப்பாணத்தில் சலூன் பிராண்ட் ஒன்றுக்கு டீலராகும் முன் போட வேண்டிய கணக்கு

கம்பனியிலிருந்து வருபவர் கதிரையில் இருந்ததும் முதலில் சொல்வது மார்ஜினைத்தான். "முப்பது வீதம் தாறம்" என்பார். அடுத்த கிழமை வரும் மற்றக் கம்பனிக்காரர் இருபது என்றால் அவருக்கு ஒரு தேத்தண்ணியோடு கதை முடிந்துவிடும். ஹெயார் கலர், டெவலப்பர், ஸ்மூத்தனிங், சலூன் ஷாம்பு என்று விற்கும் தொழில்முறைப் பிராண்டுகளுக்கு டீலராகப் போகிறவர்களில் பலர் இப்படித்தான் தெரிவு செய்கிறார்கள். எங்கள் பார்வையில் ஒப்பந்தத்தை மறுபக்கமிருந்து வாசிக்க வேண்டும். முதலில் விற்பனை இலக்கு, பிறகு ஏகபோகப் பிரதேசம், கடைசியாக மார்ஜின். இலக்கு பிழைத்தால் மார்ஜினும் கரையும், பிரதேசமும் கையை விட்டுப் போகும்.

இரண்டு ஒப்பந்தங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. ஆனால் வடிவம் சந்தையில் வழக்கமாக வருகிற வடிவம்தான்.

முதலாவது கம்பனி 30 வீதம் தருகிறது. வட மாகாணம் முழுவதும் உங்களுக்கே. முதல் ஓடர் 30 இலட்சம் ரூபா, முற்பணம். மாத இலக்கு 6 இலட்சம், நீங்கள் கம்பனியிடம் வாங்கும் பில்லை வைத்துக் கணிக்கப்படும். கொழும்பிலிருந்து வரும் லொறிக் கூலி உங்கள் கணக்கு.

இரண்டாவது கம்பனி 20 வீதம். இலக்கை அடைந்தால் வாங்கிய தொகையில் 3 வீதம் கிறடிட் நோட்டாக வரும். இலக்கு மூன்று மாதத்துக்கு 9 இலட்சம். பிரதேசம் யாழ் மாவட்டம் மட்டும். முதல் ஓடர் 9 இலட்சம், 30 நாள் கடன், சரக்கு யாழ்ப்பாணத்தில் இறக்கித் தரப்படும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பனியின் பயிற்சியாளர் வந்து சலூன்காரருக்கு வகுப்பு எடுப்பார்.

எந்த விலையில் அந்த வீதம்?

கணக்குக்குப் போக முன் ஒரு கேள்வி. 30 வீதம் என்றால் எதன் 30 வீதம்? இந்த வியாபாரத்தில் மூன்று விலை ஓடும்: டீலர் விலை, சலூன் விலை, போத்தலில் ஒட்டிய எம்ஆர்பி. நீங்கள் விற்பது சலூன் விலைக்கு. எம்ஆர்பியிலிருந்து கழித்துச் சொல்லும் வீதத்தில் சலூனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய பங்கும் சேர்ந்திருக்கும், அது உங்களுடையது இல்லை. 100 ரூபாவுக்கு எடுத்து 125க்கு விற்பதை 25 வீதம் என்று சொல்பவரும் உண்டு. விற்ற விலையில் பார்த்தால் அது 20 வீதம்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை வற் வரி. விலைப்பட்டியலில் சலூன் விலை 1,000 ரூபா, வற் உட்பட. டீலர் விலை 700 ரூபா என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் "வரி நீங்கலாக" என்று இருந்தால் 18 வீத வற்றோடு உங்கள் பில் 826 ரூபா. மிஞ்சுவது 174. முப்பது வீதம் என்று கேட்டது 17.4 வீதமாகிவிட்டது. நீங்கள் வற் பதிவு செய்தவராக இருந்து வரியைக் கழித்துக்கொண்டாலும் விடை மாறாது: 1,000 ரூபாவில் வரியை எடுத்தால் 847, அதில் 700 போனால் 147, அது 847இல் அதே 17.4 வீதம். ஆகவே இரண்டு விலையையும் ஒரே பக்கத்தில், இரண்டும் வரியோடு அல்லது இரண்டும் வரியில்லாமல், எழுத்தில் கேளுங்கள். பத்துக்கு ஒன்று இலவசம் என்பதும் 10 வீதம் அல்ல. பதினொரு பொருளில் ஒன்று என்பதால் 9.1 வீதம்தான், அந்த இலவசத்தை விற்ற பிறகுதான் அதுவும் காசாகும்.

கீழே வரும் கணக்கில் இரண்டு கம்பனியும் சலூன் விலையில், வற் உட்பட, நேர்மையாகச் சொல்லியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பனிக்கு இது பெரிய சலுகை.

சந்தை எவ்வளவு?

இலக்கு சரியா பிழையா என்று சொல்ல, யாழ் மாவட்டத்தில் சலூன்கள் மாதம் எவ்வளவு தொழில்முறைச் சரக்கு வாங்குகின்றன என்ற உங்கள் சொந்த எண் வேண்டும். கம்பனி தரும் எண்ணில் இதை ஆரம்பிக்கக் கூடாது. இரண்டு கிழமை மோட்டார் சைக்கிளில் திரிந்தால் எடுத்துவிடலாம். ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதி, திருநெல்வேலி, கோண்டாவில், மானிப்பாய், சுன்னாகம், நெல்லியடி, பருத்தித்துறை, சாவகச்சேரி என்று பாதை பிரித்துக்கொள்ளுங்கள். சலூன்காரரிடம் "மாதம் எவ்வளவுக்கு எடுப்பீங்கள்" என்று கேட்டால் கூட்டித்தான் சொல்வார். கடைசிப் பில் எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் கடன் என்று கேளுங்கள். சனிக்கிழமை பின்னேரம் கலர் கலக்கும் மேசைக்குக் கீழே இருக்கும் குப்பைக்கூடையில் வெற்று டியூப்கள் கிடக்கும். எந்தப் பிராண்ட், எந்த ஷேட், எத்தனை என்று எண்ணினால் அதைவிட நம்பகமான ஆய்வு வேறில்லை.

இப்படித் திரிந்து 60 சலூன் கிடைத்தது என்று வைப்போம். பெரியவை 10, மாதம் 90,000 ரூபாவுக்கு வாங்குபவை. நடுத்தரம் 20, தலா 35,000. சின்னவை 30, தலா 10,000. மொத்தம் 19 இலட்சம். இது எல்லாப் பிராண்டும் சேர்ந்த தொகை. புதிதாக வரும் பிராண்ட் முதல் வருடத்தில் இதில் கால்வாசியைப் பிடித்தால் நல்ல ஓட்டம். கலர் பிராண்டை மாற்றுவது ஷாம்பு மாற்றுவதுபோல் அல்ல. ஒருவருக்குக் கலக்கும் அளவும் வைக்கும் நேரமும் கைக்குப் பழகியிருக்கும், வாடிக்கையாளரின் பழைய ஷேட் கார்டும் அந்தப் பிராண்டில்தான் இருக்கும். ஆகவே மாதம் 4.5 இலட்சம் விற்பனை என்று எடுப்போம்.

4.5 இலட்சம் விற்றால் கையில் என்ன?

முதல் கம்பனி: 30 வீதம் என்றால் 135,000 ரூபா. அதில் லொறிக் கூலியும் ஏற்றி இறக்கும் செலவும் 3 வீதம், 13,500. சலூன்காரருக்குக் கொடுக்கும் சலுகையைக் கம்பனி ஏற்காதபோது 5 வீதம் உங்கள் கையிலிருந்து, 22,500. செய்து காட்ட ஆளைப் பிடிப்பதும் மாதிரிச் சரக்கும் 20,000. பிறகு முடங்கிய காசு. முதல் ஓடர் 30 இலட்சம். சலூன்கள் சராசரி 45 நாளில் காசு தருவதால் வெளியே நிற்பது 675,000 (பில் விலையிலேயே எடுப்போம், கணக்கு இலகு). 36.75 இலட்சத்துக்கு மாதம் 1 வீத வட்டி என்றால் 36,750. மிஞ்சுவது 42,250.

இரண்டாவது கம்பனி: 20 வீதம் 90,000. நீங்கள் மாதம் 3.6 இலட்சத்துக்கு வாங்குவதால் மூன்று மாதத்தில் 10.8 இலட்சம். இலக்கைத் தாண்டியாயிற்று, ஆகவே 3 வீதம் மாதம் 10,800. லொறிக் கூலி இல்லை, சலூன் சலுகை கம்பனியுடையது. பயிற்சியாளரின் தங்குமிடம், சாப்பாடு, மண்டபம் 8,000. முடங்கிய காசு: சரக்கு 9 இலட்சம், வெளியே 6.75 இலட்சம், கம்பனி தரும் கடன் 3.6 இலட்சத்தைக் கழித்தால் 12.15 இலட்சம், வட்டி 12,150. மிஞ்சுவது 80,650.

இரண்டிலும் சலூன் சுற்றும் றெப்பின் சம்பளம், பெற்றோல், தொலைபேசி என்று 60,000 ரூபா போகும். முதலாவதில் மாதம் 17,750 நட்டம். இரண்டாவதில் 20,650 லாபம். அதுவும் பெரிய லாபமில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. ஒரே றெப் அதே பாதையில் சலூன் கதிரை, கத்தரிக்கோல், ஃபொயில், கழுத்துப் பட்டி, கையுறை போன்றவற்றையும் கொண்டுபோனால்தான் இந்தத் தொழில் நிற்கும். "வேறு எந்தக் கம்பனியின் பொருளும் விற்கக் கூடாது" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதை "போட்டியான ஹெயார் கலர், ஹெயார் கெயார் பொருட்கள்" என்று சுருக்கச் சொல்லிக் கேட்பது அதற்காகத்தான்.

இலக்கு எங்கே கடிக்கும்

மேலே உள்ள கணக்கில் முதல் கம்பனியின் இலக்கை இன்னும் சேர்க்கவில்லை. 4.5 இலட்சம் விற்கும்போது டீலர் விலையில் வெளியேறும் சரக்கு 315,000 ரூபாவுக்குத்தான். 30 இலட்ச ஆரம்பச் சரக்கு முடியவே ஒன்பது மாதத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் கம்பனியின் கணக்கில் அடுத்த மாதமே நீங்கள் 6 இலட்சத்துக்கு வாங்க வேண்டும். வாங்கினால் ஒவ்வொரு மாதமும் 285,000 ரூபாச் சரக்கு களஞ்சியத்தில் கூடும். ஆறு மாதத்தில் 17 இலட்சம். வாங்காவிட்டால் இலக்குத் தவறும், ஏகபோகம் பறிபோகும்.

6 இலட்சத்துக்கு வாங்கி அதை உண்மையிலேயே விற்பதென்றால் சலூன் விலையில் மாதம் 857,000 ரூபா. யாழ் மாவட்டச் சந்தையில் அது 45 வீதம். "வட மாகாணம் முழுக்கத்தானே தந்திருக்கிறோம்" என்பார்கள். கிளிநொச்சி ஒரு நாளில் போய்வரும் தூரம். வவுனியா ஏ9இல் 140 கிலோமீற்றர் அளவில். அங்குள்ள சலூன்காரருக்குக் கொழும்புச் சரக்கு பஸ்ஸிலேயே வந்திறங்கும், மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் தனிப் பாதை வேண்டும். வாகனமும் இரண்டாவது றெப்பும் இல்லாமல் அந்த மாவட்டங்கள் வரைபடத்தில் மட்டும்தான் உங்களுடையவை, இலக்கில் மட்டும் முழுசாக ஏறி நிற்கும்.

இலக்கை எதன்மேல் கணிக்கிறார்கள் என்பதைத் தொகையைவிட முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் கம்பனியிடம் வாங்கியதிலா, நீங்கள் சலூனுக்கு விற்றதிலா? வாங்கியதில் என்றால் மாதக் கடைசிக் கிழமையில் கம்பனி றெப்பின் அழைப்பு தவறாமல் வரும், அவருடைய கொமிஷனும் அதே பில்லில்தான் தொங்குகிறது. அறிகுறி ஒன்றைச் சொல்லலாம். களஞ்சியச் சரக்கின் பெறுமதியை, சலூனுக்கு விற்ற சரக்கின் மாதக் கொள்விலையால் வகுத்துப் பாருங்கள். 2 முதல் 2.5 மாதம் வரை சரி. 4 மாதத்தைத் தாண்டினால் நீங்கள் இலக்குக்காக வாங்குகிறீர்கள், விற்பனைக்காக அல்ல.

மாத இலக்கு யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது என்பதற்கு இன்னொரு காரணம் நாட்காட்டி. மார்கழியில் கல்யாணம் இல்லை, தையில் குவியும். ஆடியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள், நல்லூர்த் திருவிழா ஓடும், ஆவணி முகூர்த்தத்துக்கு ஆயத்தம் நடக்கும். ஒரு மாதம் 2.5 இலட்சமும் அடுத்த மாதம் 7 இலட்சமும் வருவது இங்கே சாதாரணம். மூன்று மாத இலக்கில் இது சமப்படும். மாத இலக்கில் மார்கழியில் தோற்று, தையில் தேவையில்லாமல் வென்றுகொண்டிருப்பீர்கள்.

கேட்டுப் பெறக்கூடியவை மூன்று. முதல் மூன்று மாதத்துக்கு இலக்கு வேண்டாம். இலக்கில் 80 வீதம் வந்தால் கிறடிட் நோட்டில் பாதி கிடைக்க வேண்டும். 99 வீதத்துக்கும் பூச்சியம் என்ற படிக்கட்டுத்தான் கடைசி நாளில் தேவையில்லாத சரக்கை எடுக்க வைப்பது. இரண்டாம் வருட இலக்கின் உச்ச உயர்வு வீதம் இப்போதே எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வருடம் நீங்கள் உழைத்த உழைப்பே அடுத்த வருட இலக்காகி உங்களை அடிக்கும்.

ஏகபோகம் என்றால் யாரிடமிருந்து?

"யாழ் மாவட்டத்துக்கு இவரே ஏக டீலர்" என்ற ஒரு வரி வேறு டீலரைப் போடுவதை மட்டும்தான் தடுக்கும். கம்பனி தானே நேரடியாக விற்பதை அது தடுக்குமா? கொழும்பில் தலைமையகம் உள்ள சலூன் சங்கிலியின் யாழ் கிளைக்கும், அழகுக்கலைப் பயிற்சி நிலையங்களுக்கும், இணையக் கடைக்கும் யார் பில் போடுவார்? பெரிய பத்துச் சலூனில் இரண்டு கம்பனியின் நேரடிக் கணக்கு என்றால் மேலே போட்ட 19 இலட்சத்தில் 1.8 இலட்சம் முதலிலேயே இல்லை. நேரடியாக விற்றே தீருவோம் என்றால், உங்கள் பிரதேசத்தில் விழும் அந்த விற்பனை உங்கள் இலக்கில் சேர வேண்டும், அதில் 5 வீதமாவது உங்களுக்கு வர வேண்டும். சரக்கைக் கொடுப்பதும் உடைந்ததை மாற்றுவதும் எப்படியும் உங்கள் றெப்பின் தலையில்தான் விழும்.

அடுத்தது வெளியிலிருந்து கசியும் சரக்கு. புறக்கோட்டையிலோ வேறு மாவட்டத்திலோ ஒரு டீலர் காலாண்டு இலக்கை அடைய அளவுக்கு மிஞ்சி எடுத்து, கிறடிட் நோட் தனக்குப் போதும் என்று கிட்டத்தட்டக் கொள்விலைக்கே தள்ளிவிடுவார். அது பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் வரும், உங்கள் விலையைவிட 10, 12 வீதம் குறைவாக. எனவே இலக்கை இறுக்கும் கம்பனியின் ஏகபோகந்தான் அதிகம் ஒழுகும். ஒப்பந்தம் போட முன் பக்கத்து மாவட்ட டீலர் ஒருவரிடம் அவருடைய இலக்கைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் பிரதேசம் எவ்வளவு பாதுகாப்பானது என்று அதில் தெரியும்.

கசிவைப் பிடிக்க ஒரு வழிதான் உண்டு. கம்பனி உங்களுக்கு அனுப்பும் பெட்டிகளின் தொகுதி இலக்கங்களைப் பில்லோடு பதிந்து வையுங்கள். சலூனில் உங்களிடம் வாங்காத டியூப்பைக் கண்டால் மடிப்பில் அச்சான இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால், அந்தத் தொகுதி யாருக்குப் போனது என்று கம்பனி தன் பதிவில் பார்க்கலாம். அப்படிப் பார்த்து 14 நாளில் பதில் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுத மறுத்தால் அந்த ஏகபோகத்துக்கு விலை போடாதீர்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் பயணப் பொதியிலும், நாகபட்டினம் கப்பலிலும் வரும் டியூப் வேறு கதை. அதைக் கம்பனியும் தடுக்க முடியாது. ஆனால் அது அளவில் சின்னது, ஷேட் தொடர்ச்சியாகக் கிடைக்காது. இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பியும் ஒட்டாத போத்தலைத் தட்டில் வைத்து விற்கும் கடைக்கு நுகர்வோர் அதிகார சபையின் பயமும் உண்டு.

முதல் ஓடரின் உள்ளே

30 இலட்சமும் 9 இலட்சமும் எதனால் ஆனவை என்று பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். 80 ஷேட், ஒவ்வொன்றிலும் 6 டியூப், டீலர் விலை 1,200 என்றால் 576,000 ரூபா. இங்கே ஓடுவது 1, 3, 4, 5 என்ற இயற்கை ஷேட்களும் பேர்கண்டி, சிவப்புக் குடும்பத்தில் சிலதும், எல்லாமாகப் பதினைந்து. 9, 10ஆம் மட்டத்துச் சாம்பல் நிறங்கள் காலாவதித் திகதியைப் பார்த்துக்கொண்டு தட்டில் இருக்கும். ஓடும் 15 ஷேட்டில் 12 டியூப், அடுத்த 20 ஷேட்டில் 3 டியூப், மீதி கேட்டால் ஒரு கிழமையில் வரும் என்ற ஏற்பாடு போதும். அது 240 டியூப், 288,000 ரூபா.

டெவலப்பரிலும் இதே தந்திரம் நடக்கும். 60 மில்லி டியூப் ஒன்றுக்கு 1:1.5 கலவையில் 90 மில்லி வேண்டும். ஒரு லீற்றர் போத்தல் 11 டியூப்புக்குக் காணும். 240 டியூப்புக்கு 22 போத்தல், பிளீச்சுக்கும் சேர்த்து 30. பெரும்பகுதி நரை மறைக்கும் 20 வொலியூம். நூறு போத்தல் வந்திறங்கினால் கம்பனி தன் களஞ்சியத்தை உங்களிடம் மாற்றிவிட்டது என்று அர்த்தம். தகரக் கூரையின் கீழ் வைத்தால் சூட்டில் பெரொக்சைட் உடைந்து போத்தல் ஊதும், வலுவிழந்த டெவலப்பர் நரையைப் பிடிக்காது, பழி பிராண்டின்மேல் விழும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணியும் அப்படித்தான்: கல்சியம் படிந்த தலைமயிரில் கலர் சமமாக ஏறாது. படிவு நீக்கும் ஷாம்பு கம்பனியின் பட்டியலில் இருந்தால் முதல் ஓடரிலேயே எடுங்கள். கொழும்பில் ஓடாத அந்தப் பொருள் இங்கே ஓடும்.

மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தமே இல்லாமல் இறக்குமதியாளரிடம் காசுக்கு வாங்கி விற்பது. இலக்கும் இல்லை, பிரதேசமும் இல்லை, 15 வீதத்தைத் தாண்டுவது கஷ்டம். தொழிலாக நிற்காது. ஆனால் மூன்று மாதம் அப்படி விற்றால் எந்தச் சலூன் எவ்வளவு எடுக்கிறது, எது திரும்பி வருகிறது என்ற பில் புத்தகம் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இலக்கைப் பேசுபவருக்கும் வெறும் கையோடு பேசுபவருக்கும் மேசையில் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, பிரியும்போது என்ன என்பது. ஒப்பந்தம் ஒரு வருடம் என்றால் 90 நாள் முன்னறிவித்தல் இருபக்கமும் வேண்டும். முடியும் நாளில் களஞ்சியத்தில் இருப்பதை, பெட்டி பிரிக்காமலும் காலாவதிக்கு 12 மாதம் மீதமிருந்தும் இருந்தால், பில் விலையில் 10 வீதத்துக்கு மேல் கழிக்காமல் கம்பனி 30 நாளில் திருப்பி எடுக்க வேண்டும். உத்தரவாதத்துக்கு என்று திகதி போடாமல் கொடுத்த செக்கும் அதே நாளில் கைக்கு வர வேண்டும், அந்தச் செக்கின் இலக்கம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.